கொப்பரை தருகிறோம் என்று ஆலைக்குக் கடிதம் எழுதும் முன்

மடத்துக்குளம் வட்டத்தில் கணியூர், கொழுமம், குமரலிங்கம், கடத்தூர் பக்கம் அமராவதிப் பாசனத்தில் தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், காயை வியாபாரியிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே வழக்கம். அண்மை ஆண்டுகளில் சில ஊர்களில் விவசாயிகள் சேர்ந்து உற்பத்தியாளர் குழு அமைத்து, காயைத் தாங்களே உடைத்து, களத்தில் காயவைத்து, கொப்பரையாக விற்க முன்வருகிறார்கள். தாராபுரம் வழியாகக் காங்கேயம் சென்றால் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் வரிசையாக இருக்கின்றன. வாங்குவோர் இருக்கிறார்கள், சரக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தேவைப்படுவது ஒரு கடிதம். எவ்வளவு, எந்தத் தரத்தில், எந்த மாதத்தில் கிடைக்கும் என்று ஆலைக்கு எழுதும் கடிதம் அது.

இந்தக் கடிதத்தில் பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு ஒன்றே. ஆண்டு மகசூலை எடுத்து, அதை ஆண்டு முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டு, அந்த அளவை மாதந்தோறும் தருவதாக எழுதிவிடுகிறார்கள். தென்னை அப்படிச் சமமாகக் காய்ப்பதில்லை. கோடையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் கையை விரிக்கும் மரம் அது. ஆலைக்காரரோ, கடிதத்தில் உள்ள எண்ணை நம்பியே தம் செக்கை ஓட்டத் திட்டமிடுகிறார்.

எவ்வளவு என்று எழுதுவது

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு குழுவில் 40 பேர், எல்லோருக்கும் சேர்த்துக் காய்ப்பில் உள்ள தோப்பு 100 ஏக்கர் என்று கொள்ளலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம்; ஆக 7,000 மரம். இந்த எண்ணிலேயே நின்றுவிடக் கூடாது. நாற்பது பேரில் சிலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள்; சிலர் தோப்பைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். அந்தக் காய் குழுவுடையது அல்ல. ஒவ்வோர் உறுப்பினரிடமும் தனித்தனியே கேட்டுக் கையெழுத்து வாங்கினால், 25 ஏக்கர் கழிந்து 75 ஏக்கர்தான் மிஞ்சுகிறது என்று தெரியவரும். கூட்டத்தில் பொதுவாகக் கேட்டால் இது வெளியே வராது. முன்பணம் வாங்கியதை நாலு பேர் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள்.

எனவே கையில் உள்ளது 5,250 மரம். மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்பது நன்கு பராமரித்த தோப்பின் கணக்கு. 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, வாடல் நோய், வறட்சி ஆகியவற்றால் பல தோப்புகளில் காய்ப்பு குறைந்திருக்கிறது. ஆகவே சென்ற ஆண்டின் வெட்டுக் கணக்கைப் பார்த்து மரத்துக்கு 80 காய் என்று கொண்டால், ஆண்டுக்கு 4,20,000 காய்.

நெட்டை ரகத்தில் நன்கு முற்றிய காய் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 140 கிராம் கொப்பரை வரும். அதாவது ஒரு கிலோவுக்கு 7 காய். சிறுத்த காய், இளங்காய், கெட்ட காய் என்று நூற்றுக்கு ஐந்து கழியும். இந்த 140 கிராமைப் புத்தகத்தில் பார்த்து எழுதாமல், தங்கள் தோப்புக் காயில் நூறை எடுத்து உடைத்து, காயவைத்து, நிறுத்துப் பார்த்து எழுதுவதே நல்லது. நீர் குறைந்த தோப்பில் பருப்பு மெலிந்து, காய் 120 கிராமுக்கும் இறங்கிவிடும். அப்படியானால் கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு ஏழு டன்னிலும் ஒரு டன் காற்றில் போய்விடும்.

45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு எட்டு வெட்டு. 4,20,000 காயை எட்டால் வகுத்தால் வெட்டுக்கு 52,500 காய். கொப்பரையாக, கழிவும் போக, ஏறத்தாழ 7 டன். "வெட்டுக்கு 7 டன் தருகிறோம்" என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு வெட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் இந்தக் குழுவின் காய் இப்படி வந்திருக்கும்: ஜனவரி கடைசி வெட்டில் 44,000, மார்ச்சில் 62,000, ஏப்ரல் கடைசியில் 72,000, ஜூனில் 66,000, ஜூலை கடைசியில் 58,000, செப்டம்பரில் 48,000, அக்டோபர் கடைசியில் 36,000, டிசம்பரில் 34,000. கூட்டினால் அதே 4,20,000தான். ஆனால் ஏப்ரல் வெட்டில் 9 டன்னுக்கு மேல் கொப்பரை வர, டிசம்பர் வெட்டில் நாலரை டன்தான் வருகிறது. 7 டன் என்று எழுதிய குழு, டிசம்பரில் இரண்டரை டன்னுக்கு எங்கே போகும்? சந்தையில் யாரோ காயவைத்ததை வாங்கி நிரப்பும். அதன் ஈரம் யாருக்கும் தெரியாது. பூசணம் பிடித்ததும் கலந்திருக்கும். ஆலையில் மூட்டையைப் பிரித்துப் பார்த்து மொத்த லோடையும் இரண்டாம் தரத்தில் போடுவார்கள். அப்போது குழுவின் சொந்த நல்ல கொப்பரையும் அதோடு சேர்ந்து விலை இழக்கும்.

ஆகவே கடிதத்தில் எழுத வேண்டிய உறுதி அளவு, மிகக் குறைவாகக் காய்க்கும் வெட்டின் அளவுதான். இந்தக் குழுவுக்கு அது நாலு டன். அதற்கு மேல் வருவதை "கூடுதலாகக் கிடைக்கக்கூடியது" என்று தனியே காட்டலாம். கூடுதல் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வெட்டுக்கும் 15 நாள் முன்னதாகத் தெரிவிப்பதாக எழுதிவிட்டால் ஆலைக்கும் வசதி, குழுவுக்கும் நெருக்கடி இல்லை. நாலு டன் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஆலைக்காரர் ஓராண்டு கழித்து மறுபடி கடிதம் கேட்பது, எழுதியதைக் கொடுத்த குழுவிடம்தான்.

தரம் என்பது சொல் அல்ல, அளவு

"முதல் தரமான, நன்கு காய்ந்த கொப்பரை" என்று எழுதினால் அதற்கு ஆளுக்கு ஒரு பொருள். ஆலைக்காரர் தம் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். அரசு ஆதரவு விலையில் அரவைக் கொப்பரை வாங்கும்போது ஈரம் 6 சதவீதத்துக்கு மிகக் கூடாது, தூசி தும்பு 1 சதவீதத்துக்கு மிகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கறுத்த, பூசணம் பிடித்த பருப்புக்கும் தனி வரம்பு உண்டு. இந்த மாதிரி எண்ணாக எழுதுவதே முறை.

இதில் எல்லாவற்றுக்கும் மூலம் ஈரம். பச்சைப் பருப்பில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். உடைத்த காயை வாய் மேலே பார்க்கக் களத்தில் பரப்பினால், இரண்டு நாளில் பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்றுவரும். அதன் பிறகு பருப்பைத் தனியே இன்னும் நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். முழுதும் காய்ந்த பருப்பை ஒடித்தால் சட்டென்று முறியும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெட்டிய காயை உடனே உடைக்காமல் சில வாரம் குவித்து வைத்துப் பிறகு உடைப்பவர்களுக்குப் பருப்பு கெட்டியாகவும், சிரட்டை எளிதாகக் கழல்வதாகவும் இருக்கும்.

ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள்ளேயே பூசணம் வளரும். முதலில் வெள்ளை, பிறகு பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நிறம் மாறும். மஞ்சள் கலந்த பச்சைப் பூசணம் கண்டால் அந்தப் பருப்பை ஒதுக்கிவிட வேண்டும். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூசணமும் அந்த நிறத்தில் வரும். பூசணத்தைத் துடைத்துவிட்டு மூட்டையின் நடுவில் தள்ளுவது சிலர் பழக்கம். ஆலையில் குத்தூசி போட்டு நடுவிலிருந்துதான் மாதிரி எடுக்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் பூசணத்தைத் தடுக்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் உண்டு. சில ஆலைகள் அதை விரும்புவதில்லை. குழுவின் எல்லாக் களங்களிலும் புகை போடுவதில்லை என்றால் மட்டுமே "கந்தகப் புகை இடாதது" என்று எழுத வேண்டும். ஒரு களத்தில் போட்டாலும் அந்தச் சரக்கைத் தனியே பிரித்து, அப்படியே சொல்லிவிடலாம்.

ஈரம் வரம்பைத் தாண்டினால் என்ன செய்வது என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுவது சண்டையைத் தவிர்க்கும். நியாயமான கணக்கு இது: 8 சதவீத ஈரத்துடன் 10,000 கிலோ போனால், அதில் உலர்ந்த பொருள் 9,200 கிலோ. அதே பொருள் 6 சதவீத ஈரத்தில் இருந்தால் 9,787 கிலோ எடை நிற்கும். எனவே கழிக்க வேண்டியது 213 கிலோ. அதாவது கூடுதல் ஈரம் ஒரு சதவீதத்துக்கு எடையில் ஒரு சதவீதமும் சிறிதும். சதவீதத்துக்கு இரண்டு, மூன்று என்று கழிக்கும் இடங்களில் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசலாம். ஈரமானியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. முதல் லோடு போகும்முன் ஒரே மாதிரிக் கொப்பரையைக் குழுவின் கருவியிலும் ஆலையின் கருவியிலும் வைத்துப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்வது அவசியம்.

விலையும் காலக்கெடுவும்

ஓராண்டுக்கு ஒரே விலை எழுதுவது இரு பக்கமும் ஆபத்து. 2025-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அரவைக் கொப்பரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அதாவது கிலோ 116 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டில் சந்தையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. ஆதரவு விலையை ஒட்டி ஆண்டு விலை பேசிய குழு ஒன்று இருந்திருந்தால், கண்ணெதிரே பாதி வருமானத்தை விட்டிருக்கும். இதற்கு மாறாக 2023-இல் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்கி, அரசு கொள்முதல் நடந்ததையும் மறக்கக் கூடாது. ஆகவே விலையை எண்ணாக எழுதாமல், இரு தரப்பும் பார்க்கக்கூடிய ஓர் ஏலத்தோடு இணைப்பதே பாதுகாப்பு. உதாரணமாக, சரக்கு இறங்கும் நாளுக்கு முந்தைய பெருந்துறை கூட்டுறவு சங்க ஏலத்தில் முதல் தரத்துக்குக் கிடைத்த சராசரி விலை என்று எழுதலாம். அதிலிருந்து ஏற்றுக்கூலி, வாடகை யாருடையது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். முழுத் தேங்காய்க்கு ஜி.எஸ்.டி. இல்லை, கொப்பரைக்கு உண்டு. எனவே சொல்லும் விலை வரி நீங்கலாகவா, சேர்த்தா என்பதும் ஒரு வரி எழுத வேண்டிய விஷயம்.

காலக்கெடுவைக் குறிக்காத கடிதம் திறந்த கதவு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்ததும் முன்மொழிவு வாக்குறுதியாகிறது. அதற்கு முன்பு வரை திரும்பப் பெறலாம். அதனால் "இந்தத் தேதி வரை செல்லும்" என்று எழுதிவிட்டால், மூன்று மாதம் கழித்து வேறு சூழ்நிலையில் "உங்கள் கடிதத்தை ஏற்றோம்" என்று யாரும் வர இடமிராது. கையெழுத்திடுபவருக்கும் அதிகாரம் வேண்டும். கூட்டுறவுச் சங்கமானாலும், 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் கம்பெனி ஆனாலும், இயக்குநர் குழு தீர்மானம் போட்டு, இன்னார் கையெழுத்திடலாம் என்று பதிந்திருக்க வேண்டும். பதிவு பெறாத குழுவின் பெயரில் எழுதினால், சட்டப்படி பொறுப்பு கையெழுத்திட்டவர் தலையில் வந்து விழக்கூடும்.

கடிதத்தின் மாதிரி

மேலே சொன்ன குழுவுக்கு ஏற்ற கடிதம் இப்படி அமையும். கோடிட்ட இடங்களை அவரவர் நிரப்பிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: .......... தென்னை உற்பத்தியாளர் குழு (பதிவு எண் ..........), மடத்துக்குளம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.
பெறுநர்: .......... எண்ணெய் ஆலை, காங்கேயம்.
தேதி: ..........

பொருள்: அரவைக் கொப்பரை வழங்குதல் தொடர்பாக.

ஐயா,
எங்கள் குழுவில் 40 விவசாயிகள் உள்ளனர். 75 ஏக்கர் நெட்டைத் தென்னையின் காயைக் குழுவின் களங்களிலேயே உடைத்து, வெயிலில் காயவைத்துக் கொப்பரையாக்குகிறோம். வெளிச்சந்தையில் வாங்கிக் கலப்பதில்லை.

அளவு: 45 நாளுக்கு ஒரு வெட்டு வீதம் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு வெட்டிலும் 4 டன் உறுதியாகத் தருகிறோம். மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய உள்ள வெட்டுகளில் இதற்கு மேல் 3 முதல் 5 டன் வரை கூடுதலாகக் கிடைக்கக்கூடும். கூடுதல் அளவை ஒவ்வொரு வெட்டுக்கும் 15 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிப்போம்.

தரம்: ஈரம் 6 சதவீதத்துக்கு மிகாது. தூசி தும்பு 1 சதவீதத்துக்கு மிகாது. பூசணம் பிடித்த பருப்பைக் கையால் பொறுக்கி நீக்கியிருப்போம். கந்தகப் புகை இடப்படாதது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் முதல் தரத்துக்கு எட்டாத கொப்பரையைத் தனி மூட்டையில், இரண்டாம் தரம் என்று எழுதி, 4 டன்னில் சேர்க்காமல் தருவோம்.

சோதனை: தங்கள் ஆலையில், எங்கள் ஆள் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டுகிறோம். ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டினால், 6 சதவீத ஈரத்துக்குரிய எடையாகக் கணக்கிட்டுக் கழிக்கலாம். 8 சதவீதத்தைத் தாண்டிய மூட்டைகளை எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

விலை: சரக்கு இறங்கும் நாளுக்கு முந்தைய பெருந்துறை கூட்டுறவு சங்க ஏலத்தின் முதல் தரச் சராசரி விலை, ஆலையில் இறக்கியது, ஜி.எஸ்.டி. நீங்கலாக. பணம் எடை போட்ட 7 நாளுக்குள் குழுவின் வங்கிக் கணக்கில்.

50 கிலோ சாக்கு மூட்டைகளில், உறுப்பினர் எண் எழுதி அனுப்புவோம். முதலில் 1 டன் சோதனைச் சரக்காகப் பெற்றுப் பார்க்க வேண்டுகிறோம். இக்கடிதம் .......... தேதி வரை செல்லும்.

இப்படிக்கு,
.......... (இயக்குநர் குழுத் தீர்மானம் எண் .........., தேதி ..........)

மாதிரிக் கடிதத்தில் சிலருக்கு இரண்டு இடங்கள் உறுத்தலாம். இரண்டாம் தரம் வரும் என்று தாமே ஒப்புக்கொள்வது ஒன்று. ஆனால் ஆலைக்காரருக்கு மழைக்காலக் கொப்பரை எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். அதை மறைக்கும் கடிதத்தைத்தான் அவர் சந்தேகிப்பார். முன்பே பிரித்துச் சொன்னால், இரண்டாம் தரத்துக்கும் ஒரு விலை கேட்டு வாங்க வழி இருக்கிறது. கலந்து போனால் இல்லை. அந்த மழைக்கால 4 டன்னை நிறைவேற்றவும் இதே காரணத்தால் கையிருப்பு வேண்டும். டிசம்பர் வெட்டின் நாலரை டன்னில் ஒரு டன் இரண்டாம் தரமாகிவிட்டால், முதல் தரம் மூன்றரை டன்தான். செப்டம்பர் வெட்டில், வெயில் இருக்கும்போதே நன்றாகக் காய்ந்த கொப்பரையில் ஒரு டன்னைக் காற்றோட்டமான, தரையிலிருந்து உயர்ந்த மரச் சட்டத்தில் அடுக்கி வைத்திருந்தால் குறை நிரம்பும். சேமிப்பில் ஈரம் ஏறாமல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கருவி வைத்துப் பார்ப்பதும், வெயில் வரும் நாளில் மறுபடி காயவைப்பதும் வேண்டும்.

இன்னொன்று மூட்டையில் உறுப்பினர் எண் எழுதுவது. இது ஆலைக்காக அல்ல, குழுவுக்காக. ஒரு மூட்டை திரும்பி வந்தால் அது யாருடையது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பேரும் அந்த நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேரும், அடுத்த வெட்டுக்கு யாரும் பருப்பைப் பொறுக்கமாட்டார்கள். எண்ணைச் சாயத்தில் எழுதினால் சாக்கில் ஊறிப் பருப்பில் ஒட்டும். மூட்டை வாயில் அட்டைத் துண்டைத் தைத்துவிட்டால் போதும்.

கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஆலையில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்வது வழக்கம். பதில் வந்தவுடன் அதில் அளவோ தரமோ மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். "வெட்டுக்கு 6 டன் வேண்டும், மற்றபடி சம்மதம்" என்று பதில் வந்தால், அது சம்மதம் அல்ல, புதிய முன்மொழிவு. அதற்குக் குழு பதில் எழுதாமல் முதல் லோடை ஏற்றி அனுப்பினால், 6 டன்னுக்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம்.